வேலை பார்க்கும் கம்பெனியின் பங்குகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது எப்படி (தென்னாப்பிரிக்க வரிக் கணக்கோடு)

சம்பளமும் சேமிப்பும் ஒரே கம்பெனியை நம்பி இருந்தால், அது சரியும்போது இரண்டும் ஒன்றாகப் போகும். நம் டர்பன் பக்கத்து டோங்காட் ஹியூலெட் பங்கின் வர்த்தகம் 2019-இல் நிறுத்தி வைக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். நான் என் பங்குகளைக் குறைத்தபோது போட்ட கணக்கு முறையை வேறு எண்களோடு இங்கே தருகிறேன்.

ஒருவரிடம் மொத்தச் சேமிப்பு 1,200,000 ராண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 720,000 கம்பெனிப் பங்கு, அதாவது தலா 200 ராண்ட் விலையில் 3,600 பங்குகள். அறுபது சதவீதம் ஒரே இடத்தில். இதை இருபதுக்குக் கீழே கொண்டுவர வேண்டும்.

முதல் வேலை, அடக்கவிலையைக் கண்டுபிடிப்பது. எனக்கு அதிக நேரம் பிடித்ததும் இதுதான், பலர் தடுமாறுவதும் இங்கேதான். கம்பெனி இலவசமாகத் தந்த பங்குதானே, அடக்கவிலை பூஜ்யம் என்று நினைத்துவிடுகிறார்கள். அப்படியில்லை. பங்கு கட்டுப்பாடு நீங்கி உங்கள் கைக்கு வந்த அன்றே அதன் மதிப்புக்குச் சம்பளம்போல வருமான வரி பிடித்துவிட்டார்கள் (அந்த வருட IRP5-இல் 3718 என்ற எண்ணுக்கு எதிரே பாருங்கள்). ஆகவே அன்றைய சந்தை விலைதான் உங்கள் அடக்கவிலை. திட்டத்தை நடத்தும் நிறுவனத்திடம் தவணைவாரியான அறிக்கை கேட்டு வாங்குங்கள். நம் உதாரணத்தில் 2018-இல் வந்த 1,600 பங்குகளின் அடக்கவிலை 120, 2021-இல் வந்த 2,000 பங்குகளின் அடக்கவிலை 180.

இதற்கென்று செயலி எதுவும் வேண்டாம், சாதாரண எக்செல் தாளே மேல். B-யில் அடக்கவிலை, C-யில் இன்றைய விலை, D-யில் எண்ணிக்கை:

```
=(C2-B2)*D2
```

வருவது உங்கள் மூலதன ஆதாயம். 2025 பிப்ரவரியில் முடிந்த வரி ஆண்டில் தனிநபருக்கு முதல் 40,000 ராண்ட் ஆதாயத்துக்கு வரி கிடையாது, அடுத்த ஆண்டிலும் அதே தொகைதான். நீங்கள் விற்கும் ஆண்டுக்கு எவ்வளவு என்பதை சார்ஸ் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். இந்த விலக்கு உங்கள் எல்லாச் சொத்துக்கும் சேர்த்துத்தான். அதே வருடம் யூனிட் டிரஸ்ட் விற்று ஆதாயம் பார்த்திருந்தால் அதையும் கூட்ட வேண்டும்.

இப்போது விற்பனை. பூஜ்யம் என்று நினைத்தவர் 200 பங்கோடு நின்றுவிடுவார். அடக்கவிலை 180 உள்ள தவணையில் ஒரு பங்குக்கு ஆதாயம் 20தான், எனவே 2,000 பங்கையும் விற்றாலும் ஆதாயம் சரியாக 40,000. வரியில்லாமல் 400,000 ராண்ட் வெளியே வந்துவிடுகிறது! வரி ஆண்டு பிப்ரவரி கடைசியில் முடிவதால், 2025 பிப்ரவரியில் இதை விற்று, மார்ச்சில் புதிய விலக்கைப் பயன்படுத்தி 2018 தவணையில் 500 பங்குகளை விற்கலாம். அங்கே ஒரு பங்குக்கு ஆதாயம் 80, ஐந்நூறுக்கு 40,000. மீதி 1,100 பங்குகள், 220,000 ராண்ட், ஏறக்குறைய 18 சதவீதம். அடுத்த மார்ச்சில் இன்னொரு 500.

எந்தத் தவணையிலிருந்து விற்கிறீர்கள் என்பதை விற்பதற்கு முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள். உங்கள் அறிக்கை தவணைகளைத் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாவிட்டால் சராசரி விலை முறைதான் வசதி. அப்போது அடக்கவிலை சுமார் 153, வருடத்துக்கு 857 பங்குகள் விற்கலாம். ஒரு முறையைப் பிடித்தால் அதையே தொடருங்கள். மூன்று வருடம் ஆகாத பங்கை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அதன் லாபத்தை மூலதன ஆதாயமாக எடுத்துக்கொள்வார்கள் என்ற உறுதி கிடையாது.

விலக்கைத் தாண்டினாலும் பயப்படாதீர்கள். ஆதாயத்தில் 40 சதவீதம்தான் வருமானத்தில் சேரும், அதனால் உச்ச வரிப் படியில் இருப்பவருக்கும் வரி ஆதாயத்தில் 18 சதவீதத்தைத் தாண்டாது. 80 ராண்ட் ஆதாயத்துக்கு 14.40. விலை 200-லிருந்து 185-க்கு இறங்கினாலே அதைவிட அதிகம் போய்விடும். வரிக்குப் பயந்து பெரிய பங்கை அப்படியே வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒரு சகோதரி, தன் கம்பெனியில் பிப்ரவரியில் விற்கவே விடுவதில்லை என்று எழுதியிருந்தார். நல்ல கேள்வி. டிசம்பரில் அரையாண்டு முடியும் கம்பெனிகளில் முடிவுகள் வெளியாகும்வரை விற்பனைத் தடைக்காலம் இருக்கும். அப்படியானால் முதல் தவணையை நவம்பரிலேயே விற்றுவிடுங்கள், இரண்டாவதை முடிவுகள் வந்த பிறகு மார்ச்சில் விற்கலாம். தடை இல்லாத நாளிலும், வெளியே தெரியாத விலைமாற்றும் சேதி உங்களுக்குத் தெரிந்திருந்தால் விற்கக் கூடாது. சட்டம் இயக்குநர்களுக்கு மட்டுமல்ல, கணக்குப் பிரிவு ஊழியருக்கும் அதே சட்டம்தான்.

அப்புறம், வந்த பணத்தை ஜொகன்னஸ்பர்க் முதல் நாற்பது பங்குக் குறியீட்டு நிதியில் போடுவதாக இருந்தால், அதில் உங்கள் கம்பெனியே எத்தனை சதவீதம் இருக்கிறது என்று நிதியின் மாத அறிக்கையில் பாருங்கள். பெரிய கம்பெனி என்றால் அது அங்கேயும் கணிசமாக இருக்கும். உலகக் குறியீட்டு நிதிதான் என் விருப்பம்.