கரண்டியில் எடுத்த தேயிலை நமுத்திருக்கிறதா? பார்த்தும் தொட்டும் கண்டுபிடிப்பது எப்படி

டின்னில் வைத்திருக்கும் தேயிலையில் போட்ட டீ திடீரென்று சப்பென்று இருந்தால், பெரும்பாலும் இலை நமுத்துப் போயிருக்கும். எவ்வளவு நமுத்திருக்கிறது, இனி அதைப் பயன்படுத்தலாமா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கரண்டி, ஒரு வெள்ளைக் கோப்பை, 0.1 கிராம் வரை காட்டும் சின்ன தராசு, ஒரு ஓவன் இவை போதும். தராசு வாங்கத் தயங்க வேண்டாம். தேயிலை விஷயத்தில் கரண்டிக் கணக்கை நம்ப முடியாது, காரணம் கீழே வருகிறது.

முதலில் இலையின் வடிவம்

டின்னின் மேற்பரப்பிலிருந்து எடுக்காதீர்கள். பொடி அடியில் தங்கிவிடும், நீள இலை மேலேயே நிற்கும். கரண்டியை நடுவரை இறக்கி எடுத்தால்தான் டின்னில் உள்ளது கரண்டியில் வரும். கரண்டி துளி ஈரம் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும்.

எடுத்ததை வெளிச்சத்தில் பாருங்கள். குருணை குருணையாக, கடுகு போல இருந்தால் அது சிடிசி, அதாவது இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் இயந்திரத்தில் செய்தது. கம்பி போல முறுக்கிக்கொண்டு நீளமாக இருந்தால் ஆர்த்தடாக்ஸ் முறை. இறுக்கமான உருண்டைகளாக இருந்தால் பெரும்பாலும் ஊலாங், அல்லது உருட்டிய பச்சைத் தேயிலை.

வடிவம் மாறினால் எடையும் மாறும். ஒரு டீஸ்பூன் குருணை ஏறக்குறைய 2.5 கிராம் வரும். அதே கரண்டியில் நீள இலை ஒன்றரை கிராம்கூடத் தேறாது, இடையில் காற்றுதான் அதிகம். குருணைக்குப் பழகிய கையால் நீள இலையை அள்ளிப் போட்டுவிட்டு, டீயில் சாரமே இல்லை, இலை கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அதனால்தான் தராசு.

அப்புறம் இலை காய்ந்திருக்கும் பதம்

நீள இலை என்றால் ஒன்றை, முடிந்தால் காம்புள்ள துண்டு ஒன்றை, இரண்டு விரல்களுக்கு இடையில் பிடித்து மடக்குங்கள். பட்டென்று ஒடிந்து விரலில் தூளாக உதிர்ந்தால் நன்றாகக் காய்ந்திருக்கிறது. வளைந்து கொடுத்துவிட்டு மெதுவாகப் பிய்ந்தால் ஈரம் ஏறியிருக்கிறது. குருணைக்கு இது செல்லாது. அதைக் கரண்டியிலிருந்து வெறும் தட்டில் உதிர்த்தால் சலசலவென்று உருள வேண்டும். இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டு விழுந்தால் சந்தேகப்படுங்கள்.

விரல் சொல்வதை எடையால் சரிபார்க்கலாம். ஆரம்பிப்பவர்கள் தடுமாறும் இடம் இது. 20.0 கிராம் தேயிலையைத் தட்டில் மெல்லியதாகப் பரப்பி, ஓவனில் 100 டிகிரிக்குச் சற்று மேலே 2 மணி நேரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் எடை போடக் கூடாது. சூடான தட்டு காற்றை மேலே கிளப்புவதால் தராசு குறைத்துக் காட்டும். சரி, ஆறட்டும் என்று திறந்து வைத்தாலும் தப்பு. காய்ந்த இலை காற்றிலுள்ள ஈரத்தை உடனே இழுக்க ஆரம்பிக்கும். சூட்டோடு சூடாக ஒரு மூடி போட்ட எவர்சில்வர் டப்பாவுக்கு மாற்றி, இறுக்கி மூடி, ஆறிய பிறகு எடை போடுங்கள்.

ஒரு கணக்கு: 20.0 கிராம் வைத்தோம், ஆறிய பின் 18.4 கிராம். குறைந்தது 1.6 கிராம், அதாவது 8 சதவீதம். ஆலையில் உலர்த்தி வெளிவரும்போது தேயிலையில் ஈரம் சுமார் 3 சதவீதம்தான் இருக்கும். கட்டி, அடுக்கி, கைக்கு வருவதற்குள் கொஞ்சம் ஏறுவது சகஜம். 8 என்பது அந்த வரம்பைத் தாண்டிவிட்டது, மணம் வேகமாகப் போய்க்கொண்டிருக்கும். தராசு 0.1 கிராம் முன்னே பின்னே காட்டினாலும் 20 கிராமில் அது அரை சதவீதம்தான், முடிவு மாறாது. 5 கிராம் மட்டும் வைத்துச் சோதித்தால் அதே பிசகு 2 சதவீதமாகிவிடும், சோதனைக்கே அர்த்தமில்லை. ஓவனில் வைத்த இலையைக் கொட்டிவிடுங்கள், அதில் மணம் இருக்காது.

கோப்பையும் ஆவியும்

தேயிலை ருசி பார்ப்பவர்களுக்கான சர்வதேச முறை ISO 3103. 100 மில்லிக்கு 2 கிராம் இலை, கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். குடிக்க இது கடுப்பாக இருக்கும், ஆனால் குறை இருந்தால் ஒளிக்காது. பாலும் சர்க்கரையும் வேண்டாம். கோப்பையை மூடியே வையுங்கள்.

6 நிமிடம் கழித்து டீயை வடித்துவிட்டு, ஊறிய இலையிலிருந்து கிளம்பும் ஆவியை முகருங்கள். மூடியைத் திறந்த உடனே மூக்கை நீட்டினால் சூடுதான் தெரியும். கொஞ்சம் பொறுங்கள். வெள்ளையாக எழும்புவது வெறும் நீர்த்துளிகள்தான். அது அடர்த்தியாக வந்தால் அறை குளிர்ச்சியாக இருக்கிறது என்று அர்த்தம், இலை நல்லது என்று அர்த்தம் இல்லை. அந்த ஆவி சற்று அடங்கும்போதுதான் மணம் தெளிவாகப் பிரிந்து தெரியும். நல்ல இலையில் பூவோ, பழமோ, வறுத்த வாசனையோ ஏதாவது ஒன்று எழும். நமுத்த இலையில் ஈரச் சாக்கு, பழைய அட்டைப்பெட்டி வாசனை வரும், அல்லது ஒன்றுமே வராது.

ஈரம் எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் அந்தக் கோப்பையிலிருந்தேதான். மூடி திறந்த டின், பக்கத்திலேயே கொதிக்கும் கெட்டில். ஆவி நேராக டின்னுக்குள் போகிறது. அப்புறம், ஆவிக்கு மேலே கரண்டியைக் கவிழ்த்து, அதே கரண்டியைத் திரும்ப டின்னுக்குள் விடுகிறோம். அடுப்பிலிருந்து தள்ளி நின்று வேண்டியதை அளந்து, டின்னை மூடிவிட்டு, அதற்கப்புறம் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். டின்னில் உள்மூடி ஒன்றும் வெளிமூடி ஒன்றும் இருக்க வேண்டும். கண்ணாடி ஜாடி எனக்குப் பிடிப்பதே இல்லை, வெளிச்சமும் தேயிலையைக் கெடுக்கும்.

லேசாக நமுத்த இலையைக் கனமான வாணலியில் மிகச் சிறு தீயில், கை விடாமல் கிளறி, மொறுமொறுப்பு வரும்வரை சூடேற்றலாம். ஈரம் போகும். போன மணம் திரும்பாது.

பின்சேர்க்கை

இலையில் வெள்ளையாக இருக்கிறதே, பூஞ்சையா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கரண்டியைச் சாய்த்து உற்றுப் பாருங்கள். மொட்டின் மேல் ஒரே திசையில் படிந்து வெள்ளியாக மினுக்கினால் அது இளந்தளிரின் ரோமம், நல்ல அறிகுறி. மங்கலாக, நூலாம்படை போல ஓர் இலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியிருந்து, புழுங்கல் நாற்றமும் வந்தால் பூஞ்சை. முழு டின்னையும் கொட்டிவிடுங்கள், வறுத்தெடுக்க முயல வேண்டாம்.

ஃபிரிட்ஜில் வைப்பவர்களுக்கு: டின்னை வெளியே எடுத்ததும் திறக்காதீர்கள். குளிர்ந்த இலையின் மேல் காற்றின் ஈரம் அப்படியே படியும். அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே இருக்கட்டும்.