மெமரி கார்டு திறக்காதபோது செய்யக் கூடாதவை

முகூர்த்த மாதங்களில் சேலத்து ஸ்டுடியோக்களிலிருந்து கார்டுகள் என் மேசைக்கு வரத் தொடங்கிவிடும். ஏற்காட்டில் ப்ரீ வெட்டிங் எடுத்துவிட்டு மலை இறங்கியவர்கள், மண்டபத்திலிருந்து நேராக வருபவர்கள், எல்லோரிடமும் ஒரே பேச்சுத்தான்: "அண்ணா, கார்டு எடுக்க மாட்டேங்குது." விசாரித்தால் கார்டில் வந்த கோளாறு சின்னதாக இருக்கும். அதன்பின் அரை மணி நேரத்தில் பதற்றத்தோடு செய்ததுதான் படங்களைக் கொன்றிருக்கும். புதிதாகக் கேமரா பிடிக்கும் பிள்ளைகள் அதே வரிசையில் அதே தவறுகளைச் செய்வதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன். கார்டை வளைக்காதீர்கள், பாக்கெட்டோடு துவைக்காதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும்.

ரீடரைப் பார்க்காமல் கார்டைக் குறை சொல்வது

முதலில் எஸ்டி கார்டின் ஓரத்தில் இருக்கும் லாக் பொத்தானைக் கீழே தள்ளுங்கள். மைக்ரோ எஸ்டி என்றால் லாக் உள்ள அடாப்டரில் போடுங்கள். கணினி ஒரு கார்டைத் திறந்தாலே அதில் சில சிறு கோப்புகளைத் தானாக எழுதிவிடும். லாக் அதைத் தடுக்கும். அந்தப் பொத்தானைப் பார்த்து எழுதாமல் நிற்பது ரீடர்தான். மலிவான சில ரீடர்கள் அதை மதிப்பதில்லை. ஆகையால் லாக் போட்டாயிற்று என்று அதையே முழுக்க நம்பிவிடாதீர்கள்.

பிறகு ரீடரை மாற்றுங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை. எஸ்டிஹெச்சி வரை மட்டுமே தெரிந்த பழைய ரீடரில் அவை நன்றாக இருந்தாலும் தெரியாது. பின்பக்கம் இரண்டு வரிசை முனைகள் கொண்ட யுஹெச்எஸ்-2 கார்டு புது ரீடரில் தடுமாறினால், ஒற்றை வரிசையை மட்டும் தொடும் சாதாரண ரீடரில் போட்டுப் பாருங்கள். மெதுவாக என்றாலும் பல முறை படித்துவிடும். டெஸ்க்டாப்பின் முன்பக்க போர்ட்டை விட்டுப் பின்பக்க போர்ட்டில் நேரடியாகச் செருகுங்கள்.

மலையில் மூடுபனிக்குள் எடுத்த கார்டு என்றால் முனைகளில் ஈரம் இருக்கலாம். நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம் கொடுங்கள். முனைகளைப் பென்சில் ரப்பரால் தேய்க்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய உண்டு. அந்தத் துகள்கள் ரீடருக்குள் போய்ச் சேரும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட, நூல் உதிராத துணி போதும்.

இப்போது விண்டோஸில் `diskmgmt.msc` திறந்து பாருங்கள். கார்டின் கொள்ளளவு சரியாக வந்து, பக்கத்தில் RAW என்று இருந்தால் நல்ல செய்தி: கார்டு பேசுகிறது, கோப்புப் பட்டியல் மட்டும் கெட்டிருக்கிறது. No Media என்று இருந்தால் ரீடர் இருக்கிறது, கார்டு பதில் சொல்லவில்லை. 64 ஜிபி கார்டு சில எம்பி என்று காட்டினால் கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலர் விழுந்துவிட்டது. அதற்கு எந்த மென்பொருளும் உதவாது.

Format disk பட்டனை அழுத்துவது

பட்டியல் கெட்ட கார்டைச் செருகியதும் விண்டோஸ் கேட்கும்: "You need to format the disk in drive F: before you can use it." கீழே இரண்டு பட்டன், Format disk, Cancel. இந்த வாக்கியத்தின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. உங்கள் படங்கள் அத்தனையும் உள்ளே இருக்கும்போது, அழிக்கும் பட்டனைச் சிகிச்சை போல நீட்டுகிறது.

ஃபார்மேட் என்ற ஒரே பெயரில் மூன்று வேறு வேலைகள் நடக்கின்றன. Quick Format புதிய காலிப் பட்டியலை எழுதிவிட்டு நின்றுவிடும். படங்களின் தரவு அநேகமாக அப்படியே கிடக்கும், மீட்கலாம். அந்த டிக்கை எடுத்துவிட்டு ஓட்டும் முழு ஃபார்மேட் வேறு. விண்டோஸ் விஸ்டா காலத்திலிருந்து அது கார்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதுகிறது. மூன்றாவது, கார்டுக்கே அழிப்புக் கட்டளை அனுப்புவது. கேமரா மெனுவில் Low level format என்று வருவது அந்த வகை. சில கேமராக்கள் சாதாரண ஃபார்மேட்டிலேயே அந்தக் கட்டளையை அனுப்பிவிடும். கடைசி இரண்டுக்கும் பிறகு மென்பொருளுக்கு எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

ஏற்காட்டில் ஒரு நாள் முழுக்க ப்ரீ வெட்டிங் எடுத்த தம்பி ஒருவர் கொண்டுவந்த கார்டு இதற்கு நல்ல பாடம். 64 ஜிபி கார்டு, காலையில் புதிதாக ஃபார்மேட் செய்தது. விடியலில் பகோடா பாயிண்ட், பிறகு ஏரி, அடுத்து காபித் தோட்டம், மாலை லேடீஸ் சீட். கடைசி வீடியோ பதிவாகும்போதே பேட்டரி தீர்ந்து கேமரா அணைந்திருக்கிறது. கோப்புப் பட்டியல் பாதி எழுதிய நிலையில் நின்றது அங்கேதான். அந்த நேரத்தில் எல்லாப் படங்களும் பத்திரமாக இருந்தன.

வீட்டுக்கு வந்து கணினியில் போட்டதும் அந்தக் கேள்வி. Format disk அழுத்தினார். Quick Format டிக்கைப் பார்த்து, "முழுசா பண்ணினாதான் கார்டு சரியாகும்" என்று நினைத்து அதை எடுத்துவிட்டார். பச்சைக் கோடு மெல்ல நகர்வதைப் பார்த்துப் பயந்து, ஏழு நிமிடம் போல ஓடியதும் ரத்து செய்தார். அந்தக் கார்டு நொடிக்குச் சுமார் 30 எம்பி எழுதக்கூடியது. ஏழு நிமிடத்துக்குக் கணக்குப் போட்டால் 12.6 ஜிபி.

படி எடுத்துப் பார்த்தபோது கணக்கு அப்படியே நின்றது. கார்டின் தொடக்கத்திலிருந்து ஏறக்குறைய அந்த அளவுக்கு வெறும் பூஜ்யம். போட்டோரெக் என்ற மீட்பு மென்பொருள் எடுத்துத் தரும் கோப்புகளின் பெயரில் இருக்கும் எண், கார்டில் எத்தனையாவது செக்டரில் அது கிடைத்தது என்பதைச் சொல்லும். முதல் கோப்பின் எண் இரண்டரைக் கோடியை ஒட்டி இருந்தது. ஒரு செக்டர் 512 பைட் என்றால் அது 12.8 ஜிபி. புதிதாக ஃபார்மேட் செய்த கார்டைக் கேமரா முன்னிருந்து வரிசையாக நிரப்பும். முழு ஃபார்மேட்டும் முன்னிருந்துதான் துடைக்கும். அதனால் போனது பகோடா பாயிண்ட் விடியல் முழுதும், ஏரிப் படங்களில் ஒரு பகுதியும். தோட்டமும் லேடீஸ் சீட்டும் வந்தன. அந்த ஜோடி அதிகாலையில் எழுந்து குளிரில் நின்றது எதற்காகவோ, அந்தப் படங்கள்தான் இல்லை. அவர் Cancel அழுத்தியிருந்தால், பதிவு முடியாத அந்தக் கடைசி வீடியோ ஒன்றைத் தவிர எதுவும் போயிருக்காது.

ஃபார்மேட் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தால் உடனே ரத்து செய்யுங்கள். ஒவ்வொரு நொடியும் அடுத்த படங்களைத் தின்கிறது.

"Scan and fix" கொடுப்பது

இதுவும் அதே குடும்பம். அந்தப் பட்டன் செய்யும் அதே வேலையைச் செய்யும் `chkdsk /f` கட்டளை உங்கள் படங்களைப் பற்றிக் கவலைப்படாது. பட்டியல் முரணில்லாமல் இருக்க வேண்டும் என்பதே அதன் வேலை. அதற்காகக் கோப்புகளை வெட்டும், பட்டியலைத் திருத்தி எழுதும், மிஞ்சியதை FOUND.000 என்ற ஃபோல்டரில் FILE0000.CHK என்று போட்டுவைக்கும். கார்டின் படி ஒன்று கைக்கு வரும்வரை இது வேண்டாம்.

சரியாயிற்றா என்று ஒரு ஷாட் எடுத்துப் பார்ப்பது

எடுக்காதீர்கள்.

மீட்ட படங்களை அதே கார்டில் சேமிப்பது

ஒருபோதும் இல்லை.

படி எடுக்காமல் மீட்பைத் தொடங்குவது

மீட்பு மென்பொருளை நேராகக் கார்டின் மேல் ஓட்டுகிறார்கள். ஒன்று சரியில்லை என்று இன்னொன்று, அப்புறம் மூன்றாவது. தளர்ந்துபோன கார்டு ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடேறி, நடுவழியில் No Media ஆகிவிடும். ஒரே ஒரு முறை முழுக்கப் படி எடுத்துவிட்டு, கார்டை எடுத்து ஓரமாக வையுங்கள். அதன்பின் எத்தனை மென்பொருள் வேண்டுமானாலும் அந்தப் படியின் மேல் ஓடட்டும்.

நான் லினக்ஸ் பென் டிரைவில் கணினியைத் துவக்கி டிடிரெஸ்க்யூ பயன்படுத்துகிறேன். முதலில் `lsblk` கொடுத்து எது கார்டு என்று கொள்ளளவை வைத்துப் பாருங்கள். 64 ஜிபி கார்டு 59 அல்லது 60 ஜி என்று தெரியும். அது `sdb` என்றால்:

```
sudo ddrescue -d -n /dev/sdb card.img card.map
sudo ddrescue -d -r3 /dev/sdb card.img card.map
```

முதல் வரி நன்றாகப் படிக்கும் பகுதிகளை முதலில் அள்ளிக்கொள்ளும், முரண்டு பிடிக்கும் இடங்களில் மல்லுக்கு நிற்காது. இரண்டாவது வரி விட்டுப்போன இடங்களுக்கு மட்டும் திரும்பிப் போய் மூன்று முறை முயலும். எதை எடுத்தாயிற்று என்பது `card.map` கோப்பில் இருப்பதால், நடுவில் கார்டு அறுந்தாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். படியைச் சேமிக்கும் டிஸ்கில் கார்டின் முழு அளவுக்கு இடம் இருக்க வேண்டும்.

படியின் மேல் முதலில் டெஸ்ட்டிஸ்க். பட்டியலை அது படித்துவிட்டால் பழைய கோப்புப் பெயர்களோடு படங்கள் வரும். முடியாவிட்டால்தான் போட்டோரெக், அது பட்டியலைப் பார்க்காமல் ஒவ்வொரு கோப்பின் தொடக்க அடையாளத்தைத் தேடி எடுப்பதால் பெயர்கள் போய்விடும். துண்டு துண்டாகச் சிதறிப் பதிந்த வீடியோவும் அதில் முழுதாக வராது. பதிவு பாதியில் நின்ற வீடியோவுக்கு அதன் உள்ளடக்க அட்டவணையே எழுதப்பட்டிருக்காது. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கிளிப் ஒன்றை வைத்து அன்ட்ரங்க் போன்ற கருவியால் அட்டவணையைக் கட்டிப் பார்க்கலாம்.

சிறுபடத்தைப் பார்த்துப் பணம் கட்டுவது

கட்டண மென்பொருள்கள் சிறுபடங்களை வரிசையாகக் காட்டும். நம்மவர்கள் நிம்மதியாகப் பணம் கட்டிவிடுவார்கள். ஜேபெக் கோப்பின் சிறுபடம் முதல் 64 கேபிக்குள் இருக்கிறது. உடல் முழுக்க அழிந்திருந்தாலும் அந்தத் தலை பிழைத்திருந்தால் சிறுபடம் பளிச்சென்று தெரியும். ஒவ்வொன்றையும் முழு அளவில் திறந்து பாருங்கள். மேல்பாதி படமாகவும் கீழ்ப்பாதி சாம்பல் நிறமாகவும் வந்தால் அதன் மிச்சம் அந்த இடத்தில் இல்லை என்று பொருள்.

போனில் இருந்த கார்டை ரீடரில் போட்டு, கெட்டது என்று முடிவு செய்வது

ஆண்ட்ராய்டு 6 முதல், கார்டை உள் சேமிப்பகமாக மாற்றும் வசதி சில போன்களில் உண்டு. அப்படி மாற்றிய கார்டு குறியாக்கத்தில் இருக்கும், சாவி அந்தப் போனில் மட்டும் இருக்கும். எந்த ரீடரிலும் அது RAW போலத்தான் தெரியும். திரும்பப் போனிலேயே போடுங்கள். போனை ஃபேக்டரி ரீசெட் செய்துவிட்டால் சாவியும் போய்விடும்.

நிறுத்த வேண்டிய இடம்

நல்ல ரீடர்கள் இரண்டிலும் No Media, அல்லது கொள்ளளவு தவறு, அல்லது செருகியதும் கை வைக்க முடியாத சூடு. இந்த மூன்றில் ஒன்று இருந்தால் கார்டைக் கழற்றிவிடுங்கள். அதற்கு மேல் சிப்பை நேரடியாகப் படிக்கும் லேபால்தான் முடியும். கொடுக்கும்போது அதுவரை என்னென்ன செய்தீர்கள் என்பதை, ஃபார்மேட் உட்பட, மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். எங்கே தேடுவது என்று அவர்கள் முடிவு செய்வது அதை வைத்துத்தான்.