இடிந்து விழும் ஒரு மேடை, நான்கு அறைகள்: லெவல் வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு புதிய விளையாட்டு விதியை முதலில் ஆபத்தில்லாத இடத்தில் காட்டு, பிறகு சோதி, அதன்பின் புரட்டிப் போடு, கடைசியில் பழைய ஒன்றோடு சேர். லெவல் வடிவமைப்பவர்களில் பெரும்பாலோருக்கு இந்த வரிசை தெரியும். 'சூப்பர் மாரியோ 3டி லேண்ட்' (2011) கேமின் இயக்குநர் கொய்ச்சி ஹயாஷிடா, 'கிஷோடென்கெட்சு' என்னும் நான்கு கட்டக் கதையமைப்பை லெவல்களுக்குப் பயன்படுத்துவதாகச் சொன்ன பிறகு இது இன்னும் பரவலாயிற்று. ஆனால் வரிசை தெரிந்தவர்கள் கட்டும் அறைகளும் தவறிப்போகின்றன. ஒவ்வொரு அறையும் ஆட்டக்காரரிடம் ஒரே ஒரு புதிய கேள்வியைத்தான் கேட்க வேண்டும். அதற்கு விடை காணத் தேவையானவை முந்தைய அறைகளிலேயே கிடைத்திருக்க வேண்டும். தவறுகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் பிறக்கின்றன.

இதை ஒரே ஒரு பொருளை வைத்துப் பார்ப்போம்: மிதித்ததும் இடிந்து விழும் மேடை. பக்கவாட்டில் நகரும் ஒரு 2டி கேம். அதில் அளவெல்லாம் டைல் என்னும் சதுரக் கட்டக் கணக்கில். பாத்திரம் விநாடிக்கு 6 டைல் ஓடும், 3 டைல் உயரம் குதிக்கும், ஓடிக் குதித்தால் 5 டைல் தாண்டும். மேடையில் கால் பட்டு 0.6 விநாடியில் அது நொறுங்கும். 2 விநாடியில் மீண்டும் தோன்றும். இனி வரும் அறைகள் எல்லாம் இந்த எண்களின்மேல் நிற்பவை.

முதல் அறை: யாரும் எதையும் கற்காமல் கடந்துவிடுவது

பலரும் முதல் அறையை இப்படிக் கட்டுகிறார்கள்: நடுவில் 2 டைல் அகல மேடை, இருபுறமும் 3 டைல் இடைவெளி, கீழே முள்ளில்லாத, 2 டைல் ஆழப் பள்ளம். விழுந்தால் சாவு இல்லை என்பதால் பாதுகாப்பான அறிமுகம் என்று நினைத்துவிடுகிறோம். இதில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன.

பள்ளம் 2 டைல் ஆழம். பாத்திரம் 3 டைல் குதிக்கும். ஆகவே ஆட்டக்காரர் பள்ளத்தில் இறங்கி நடந்து, எதிர்க்கரையில் குதித்து ஏறிப் போய்விடலாம். மேடையை அவர் தொடவே வேண்டியதில்லை. இரண்டாவது ஓட்டை இன்னும் நுட்பமானது. 2 டைல் மேடையை ஓடிக் கடக்க மூன்றில் ஒரு பங்கு விநாடிதான் ஆகும். வேகமாக ஓடுபவர் மேடையை மிதித்து, அடுத்த குதிப்பில் கரை சேர்ந்துவிடுவார். மேடை அவருடைய முதுகுக்குப் பின்னால் இடியும். கண் முன்னால் இருக்கும், கேமராவும் அவரோடு நகர்ந்திருக்கும். அவர் மனத்தில் பதிந்தது, 'இங்கே ஒரு மேடை இருந்தது' என்பது மட்டுமே. அடுத்த அறையில் முள்ளுக்கு மேலே இதே மேடையில் நின்று, அடுத்த குதிப்பைக் கணக்கிட ஒரு கணம் தாமதிப்பார். மேடை நொறுங்கும், அவர் சாவார். கேம் தன்னை ஏமாற்றிவிட்டது என்று அவர் நினைப்பதில் தவறில்லை.

திருத்தம் எண்களில் இருக்கிறது. மேடையை 5 டைல் அகலமாக்குங்கள். ஓடிக்கொண்டே போனாலும் அதைக் கடக்க 0.8 விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், விளிம்புவரை ஓடிப்போய்க் குதிக்கலாம் என்று நினைப்பவரின் காலடியிலேயே அது உடையும். விளிம்புக்கு இரண்டு டைல் முன்பே குதித்தவருக்கும் உடையும் சத்தமும் தூசியும் மிக அருகில் கேட்கும், தெரியும். இருபுற இடைவெளியும் சேர்ந்து மொத்தம் 11 டைல். மேடை இல்லாமல் தாண்ட முடியாது. பள்ளத்தின் ஆழத்தை 5 டைலாக்கி, ஆட்டக்காரர் வந்த பக்கத்தில் மட்டும் 3 டைல் உயரத்தில் ஒரு படி வையுங்கள். விழுந்தவர் புறப்பட்ட கரைக்குத்தான் ஏற முடியும். அவர் ஏறி வருவதற்குள் மேடை கண் முன்னால் மீண்டும் தோன்றிவிடும். அது திரும்ப வரும் என்ற விதியும் அங்கேயே புரிந்துவிடும். மீளும் நேரத்தை 6, 7 விநாடி என்று நீட்டினால், உடைந்தது உடைந்ததுதான் என்று எண்ணி லெவலையே மறுபடி தொடங்குபவர்கள் உண்டு.

பாதுகாப்பு என்றால் தவறுக்கு விலை குறைவு என்று பொருள். தவறே நடக்காதபடி கட்டிவிட்டால் அங்கே கற்றுக்கொள்ள ஒன்றும் இருக்காது. 1985-இல் வந்த 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேமின் முதல் லெவலில், முடிவை நெருங்கும்போது எதிரெதிராக நிற்கும் இரண்டு படிக்கட்டு மேடுகள் வரும். அவற்றுக்கு நடுவில் தரை இருக்கிறது; குதிப்பு தவறினால் தரையில் விழுந்து மறுபடி ஏறிக்கொள்ளலாம். சற்றுத் தள்ளி கிட்டத்தட்ட அதே வடிவம் மீண்டும் வரும், ஆனால் நடுவில் தரை இருக்காது, விழுந்தால் சாவுதான். ஆட்டக்காரர் செய்ய வேண்டிய செயல் மாறவில்லை, தவறின் விலை மட்டும் மாறியிருக்கிறது. அறிமுகத்துக்கும் சோதனைக்கும் இடையே இருக்க வேண்டிய உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டும் இடம் எனக்குத் தெரியவில்லை.

இந்த அறைக்குப் பதிலாக 'இந்த மேடை உடையும்' என்று ஓர் அறிவிப்புப் பலகை வைப்பவர்களும் இருக்கிறார்கள். படிக்காமல் ஓடுபவரை அது தடுக்காது, படித்தவருக்கும் 0.6 விநாடி எவ்வளவு நேரம் என்பதைக் கைக்குச் சொல்லித் தராது.

சோதனை அறை: வேறொன்றைச் சோதிப்பது

இங்கே நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் திரும்பத் திரும்ப நடப்பது. முள்ளுக்கு மேலே மூன்று மேடைகளை அடுக்குகிறோம். 'சோதனை என்றால் கடினமாக இருக்க வேண்டும்' என்று இடைவெளியை 5 டைலாக நீட்டிவிடுகிறோம். 5 என்பது பாத்திரம் தாண்டக்கூடிய உச்சம். இப்போது அறை சோதிப்பது துல்லியமாகக் குதிக்கும் திறனை. மேடை உடைவது இதில் இரண்டாம் பட்சமாகிவிட்டது. இடைவெளியை 3 டைலில் வைத்து, மேடையின் அகலத்தை 2 டைலாகக் குறையுங்கள். தயங்காமல் போனால் எளிது, தயங்கினால் சாவு. இந்த அறை கேட்க வேண்டியது அவ்வளவுதான். அறையின் வாசலிலேயே ஒரு செக்பாயிண்ட் இருக்கட்டும்.

எதைச் சோதிக்கிறோம் என்று அறிய, சோதனை ஆட்டங்களில் சாவு நடந்த இடத்தை மட்டும் குறித்தால் போதாது. சாவதற்கு முன் பாத்திரத்தின் கால் கடைசியாக எங்கே இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். உடைந்த மேடையோடு சேர்ந்து விழுந்தவர்கள் அதிகமென்றால் அறை சரியான கேள்வியைக் கேட்கிறது. திடமான கரையிலிருந்தோ உடையாத மேடையிலிருந்தோ குதித்து அடுத்ததை எட்டாமல் விழுந்தவர்கள் அதிகமென்றால், நீங்கள் குதிப்பு அறையைக் கட்டியிருக்கிறீர்கள்.

புரட்டல்: விதியையே மாற்றிவிடுவது

மூன்றாவது அறையில்தான் நல்ல வடிவமைப்பாளர்களும் வழுக்குகிறார்கள். புதுமை வேண்டும் என்பதற்காக, அதே தோற்றமுள்ள மேடையை 0.3 விநாடியில் உடைய வைப்பது, அல்லது அதில் ஒன்றை மட்டும் உடையாமல் விடுவது. இரண்டுமே துரோகம். ஆட்டக்காரர் இரண்டு அறைகளில் உழைத்துப் பெற்ற அறிவை அவை செல்லாததாக்குகின்றன. இனி எந்த மேடையையும் அவர் நம்ப மாட்டார். ஒவ்வொன்றையும் ஓரத்தில் தொட்டுப் பார்த்து நகர்வார், லெவலின் வேகமே செத்துப்போகும். வேகமாக உடையும் மேடை உண்மையிலேயே தேவை என்றால் அதற்கு வேறு நிறம், வேறு சத்தம், தனக்கென ஓர் அறிமுகம் வேண்டும்.

விதி அப்படியே இருக்க, ஆட்டக்காரரின் விருப்பம் தலைகீழாக வேண்டும். இதுவரை மேடை உடையக் கூடாது என்று ஓடினார். இப்போது அது உடைய வேண்டும் என்று அவரே விரும்ப வேண்டும். இப்படி ஓர் அறையைக் கட்டலாம். 4 டைல் அகலமுள்ள ஒரு செங்குத்துக் குழியின் வாயை உடையும் மேடை மூடியிருக்கிறது. மறுபுறம் 2 டைல் திடமான தரை, அதற்கப்பால் வெற்றுச் சுவர். பழகிய கை மேடையை வேகமாகத் தாண்டிக் குதித்துச் சுவரில் போய் முட்டும். திரும்பிப் பார்க்கும்போது குழிக்குள் நாணயங்களும் வலப்பக்கம் நீளும் பாதையும் தெரிகின்றன. மேடையின்மேல் போய் நின்று, அசையாமல் காத்திருக்க வேண்டும். நிற்காதே என்று கற்றவர் தானாக நிற்கத் தீர்மானிக்கும் அந்தக் கணத்துக்காகத்தான் இந்த அறை.

திடமான அந்த 2 டைல் தரையை இடம் மிச்சம் என்று எடுத்துவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் சுவரில் முட்டியவர் மேடையோடு சேர்ந்து தானாகவே விழுந்துவிடுவார். தீர்மானித்தது அவர் இல்லை, ஈர்ப்பு விசை. குழிக்குள் முள்ளும் வேண்டாம். புரட்டலும் ஒரு புதிய கேள்விதான். முதல் அறைக்குக் கொடுத்த பாதுகாப்பு இதற்கும் உரியது. சோதனை அறையைவிட இது எளிதாக இருப்பதில் குறை ஒன்றும் இல்லை. ஆபத்து ஏறிக்கொண்டே போக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

சேர்க்கை: ஒளிந்திருக்கும் கேள்வி

கடைசி அறையில் பழைய ஒரு பொருளைக் கூட்டுகிறோம். தள்ளக்கூடிய பெட்டி என்று வைத்துக்கொள்வோம். 6 டைல் அகலக் குழி, அதை மூடிய உடையும் மேடை, குழியின் அடியில் ஒரு பொத்தான், எதிர்க்கரையில் பூட்டிய கதவு. பொத்தான்மேல் எடை இருக்கும்வரைதான் கதவு திறந்திருக்கும். பெட்டியை மேடையில் தள்ள வேண்டும், மேடை உடைந்து பெட்டி பொத்தானில் விழும். 2 விநாடி காத்திருந்தால் மேடை மீளும், அதன்மேல் குதித்து ஓடிக் கதவை அடையலாம். முதலில் உடைவது உதவுகிறது, அடுத்து உடைவது துரத்துகிறது. முந்தைய அறைகள் சொல்லித் தந்த இரண்டும் இங்கே தேவைப்படுகின்றன.

நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதில் யாரும் இதுவரை காட்டாத ஒரு விதி ஒளிந்திருக்கிறது: பெட்டியின் எடைக்கும் மேடை உடையுமா? வடிவமைத்தவருக்கு அது தெரியும். ஆட்டக்காரர் தன் கால் பட்டு உடைவதை மட்டுமே பார்த்திருக்கிறார். சோதனை ஆட்டத்தில் பெட்டியை ஒரு மூலையில் விட்டுவிட்டு, தானே குழிக்குள் குதித்துப் பொத்தானில் நின்று, ஏறி வந்து, கதவு மூடியிருப்பதைப் பார்த்து மறுபடி குதிப்பவர்களைக் காண்பீர்கள். அவர்களுக்குப் புத்தி போதாததல்ல காரணம், அந்த அறை ஒரே மூச்சில் இரண்டு புதிய கேள்விகளைக் கேட்டுவிட்டது. 'போர்ட்டல்' (2007) கேம் இதில் காட்டும் பொறுமை கவனிக்கத்தக்கது. ஒரு வாயிலில் நுழைந்து இன்னொன்றில் வெளிவருவதுதான் அந்த கேமின் வித்தை. முதல் அறைகளில் வாயில்களை வைக்கும் கருவியே கையில் இல்லை, அவை தாமாகத் திறக்கின்றன. பிறகு கிடைக்கும் கருவியால் ஒரு வாயிலை மட்டுமே வைக்க முடியும். இரண்டையும் வைக்கும் ஆற்றல் 11-ஆம் எண் அறையில்தான் வருகிறது.

நம் அறைக்கும் அதே மருந்துதான். வாசலுக்கு முன்னால் ஒரு குறுகிய தாழ்வாரம். வழியை அடைத்துக்கொண்டு ஒரு பெட்டி, அதற்கப்பால் உடையும் மேடை. தள்ளாமல் நகர முடியாது. தள்ளினால் பெட்டி மேடையோடு கீழே போகிறது, வேறு எதுவும் நடப்பதில்லை. பெட்டியைத் தள்ளும் வித்தை பல லெவல்களுக்கு முன்னால் வந்ததாக இருந்தால், இதே தாழ்வாரம் அதையும் நினைவுபடுத்திவிடும்.

இரண்டும் உண்மையிலேயே சேர்ந்திருக்கின்றனவா, வெறுமனே ஓர் அறையில் பக்கம் பக்கமாக நிற்கின்றனவா என்று பார்க்க, எடிட்டரில் ஒவ்வொன்றாக மாற்றி விளையாடிப் பாருங்கள். பெட்டியை எடுத்துவிட்டால் கதவு திறந்து நிற்காது. மேடையைத் திடமானதாக்கினால் பெட்டி விழாது. மேடையையே அழித்துவிட்டால், 5 டைல் தாண்டும் பாத்திரத்தால் 6 டைல் குழியைக் கடக்க முடியாது. மூன்று முறையும் அறை முடிக்க முடியாததாக ஆகிறது என்றால் சேர்க்கை சரி. ஏதேனும் ஒன்றில் அறையை முடிக்க முடிந்தால், அந்தப் பொருளுக்கு அங்கே வேலை இல்லை. அதை எடுத்துவிட்டு அறையைச் சிறிதாக்குங்கள்.