வாடகையில் டிடிஎஸ்: கோத்தகிரியில் வீடு எடுத்தவர் உரிமையாளரிடம் கேட்டுப் பெற வேண்டியவை

கோத்தகிரியில் தோட்டத்தோடு கூடிய பழைய பங்களா ஒன்றை, மாதச் சம்பளத்தில் வேலை பார்க்கும் ஒருவர் மாதம் 60,000 ரூபாய்க்கு வாடகைக்கு எடுத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜூலை முதல் தேதி குடிவந்த அவர், ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்குள் அந்த மாத வாடகையைச் செலுத்துகிறார். வாடகை வாங்குவது வீட்டைப் பார்த்துக்கொள்ளும் கேர்டேக்கர். உரிமையாளர் கோயம்புத்தூரில் இருக்கிறார். மார்ச் மாத வாடகையில் ஒரு பகுதியை டிடிஎஸ் வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும் என்று யாரோ சொல்ல, தன் வரியைத்தான் சம்பளத்திலேயே பிடிக்கிறார்களே, இது எதற்கு என்று அவர் கேட்கிறார்.

இந்த வரி அவருடையது அன்று. வாடகை என்பது உரிமையாளரின் வருமானம்; அதற்கான வரியில் ஒரு பகுதியை, பணம் கைமாறும் இடத்திலேயே பிடித்து, உரிமையாளரின் கணக்கில் சேர்க்கும் பொறுப்பு மட்டுமே வாடகைதாரருக்கு உண்டு. உரிமையாளருக்கும் இதில் நட்டம் இல்லை. பிடித்த தொகை, அவர் பெயரில் கட்டப்பட்ட வரிகளைக் காட்டும் 26AS அறிக்கையில் தெரியும், ஆண்டுக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது அவர் அதைக் கழித்துக்கொள்வார். வரி கட்டுமளவு வருமானம் தனக்கு இல்லை என்று உரிமையாளர் சொன்னாலும் பிடித்தம் நிற்காது. அவர் கணக்குத் தாக்கல் செய்து பணத்தைத் திரும்பப் பெற வேண்டியதுதான். வங்கி வட்டிக்குக் கொடுப்பதைப் போல 15G, 15H படிவங்களைக் கொடுத்து இந்தப் பிடித்தத்தைத் தவிர்க்க முடியாது.

முதல் படி: விதி பொருந்துகிறதா என்று பார்த்தல்

வருமான வரிச் சட்டம், 1961-இன் 194-ஐபி பிரிவு, கணக்குத் தணிக்கைக்கு உட்படாத தனிநபர்களுக்கும் இந்துக் கூட்டுக் குடும்பங்களுக்கும் உரியது. மாத வாடகை 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் அது பொருந்தும். சரியாக 50,000 என்றால் பொருந்தாது. பிடிக்கும் விகிதம் 2024 அக்டோபர் 1 முதல் 2 சதவீதம். இணையத்தில் இன்னும் 5 சதவீதம் என்று எழுதியிருப்பவை அதற்கு முந்தைய காலத்தவை.

திருப்பித் தரப்படும் அட்வான்ஸ் தொகை வாடகை ஆகாது. தோட்டக்காரருக்கு நேரடியாகக் கொடுக்கும் கூலியும், வாடகைதாரரே கட்டும் மின்கட்டணமும் அப்படித்தான். ஆனால் 60,000 ரூபாயை, 45,000 வாடகை, 15,000 பராமரிப்பு என்று ஒப்பந்தத்தில் பிரித்து எழுதி, இரண்டையும் உரிமையாளருக்கே கொடுப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கேள்வி வந்தால் பராமரிப்பு உண்மையில் நடந்தது என்று காட்ட வேண்டியிருக்கும்.

இரண்டாம் படி: உரிமையாளரின் விவரங்களைப் பெறுதல்

இதை மார்ச் மாதம் வரை தள்ளிப்போடாமல், ஒப்பந்தம் எழுதும்போதே பெற்றுவிடுவது நல்லது. தேவைப்படுபவை: பான் அட்டையில் உள்ளபடியே உரிமையாளரின் பெயர், பான் எண், அவருடைய முகவரி, கைபேசி எண், மின்னஞ்சல், வாடகை வீட்டின் முழு முகவரி. மலையில் அடிக்கடி நேரும் குழப்பம், பணத்தை வாங்குபவரையே உரிமையாளராக எழுதிவிடுவது. கேர்டேக்கரின் பான் இதற்கு உதவாது. அந்த எண்ணில் கட்டினால் வரி அவர் கணக்கில் போய் நிற்கும், உரிமையாளருக்கு எதுவும் சேராது. சொத்து வரி ரசீதைப் பார்த்தால் வீடு யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த ரசீதில் இரண்டு பெயர்கள் இருந்தால், இருவருடைய பானும் தேவை. பிடித்த வரியைக் கட்டுவதற்கான 26QC படிவமும் ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே தாக்கல் செய்யப்பட வேண்டும். ஒவ்வொருவரின் பங்கும் பத்திரத்தில் தெளிவாக இருந்து, அவரவர் பங்கு தனித்தனியே செலுத்தப்படுமானால், 50,000 வரம்பையும் ஆளுக்குத் தனியாகப் பார்ப்பதே பொது வழக்கம்.

பான் எண் கிடைத்தால் மட்டும் போதாது, அது செயல்பாட்டில் இருக்க வேண்டும். வருமான வரித் துறையின் தளத்தில் `Verify PAN Status` என்ற இடத்தில் எண், பெயர், பிறந்த தேதி ஆகியவற்றைக் கொடுத்துப் பார்க்கலாம். ஆதாருடன் இணைக்கப்படாமல் செயலிழந்த பான், இல்லாத பானுக்குச் சமம். அப்போது 2 சதவீதத்துக்குப் பதில் 20 சதவீதம் பிடிக்க வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி, அந்த நிதியாண்டில் உரிமையாளர் இந்தியாவில் வசிப்பவரா என்பது. குன்னூரிலும் கோத்தகிரியிலும் பங்களா வைத்திருப்பவர்களில் வெளிநாட்டில் குடியேறியவர்கள் உண்டு. இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பதால் ஒருவர் இங்கு வசிப்பவர் ஆகிவிடுவதில்லை. அந்த ஆண்டில் இங்கே எத்தனை நாள் இருந்தார் என்பதைக் கொண்டே அது முடிவாகும். வாடகையை, வெளிநாட்டில் வசிப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்ஆர்ஓ வங்கிக் கணக்கில் போடச் சொன்னால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். அவர் வசிப்பவர் அல்லர் எனில் 194-ஐபி பொருந்தாது, 195-ஆம் பிரிவே பொருந்தும். அதற்கு 50,000 என்ற வரம்பு இல்லை. வாடகைதாரர், வரி பிடிப்பவர்களுக்கான டான் எண் பெற்று, மாதந்தோறும் 30 சதவீதமும் அதன்மேல் 4 சதவீத செஸ்ஸும், அதாவது 60,000 ரூபாய்க்கு 18,720 ரூபாய் பிடிக்க வேண்டும். உரிமையாளர் குறைந்த விகிதத்துக்கான சான்றிதழ் வாங்கித் தந்தால் மட்டுமே இது குறையும். ஆகவே வசிப்பிட நிலையை ஒரு வரியில் எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்வது மரியாதைக் குறைவு அன்று.

மூன்றாம் படி: பிடித்துக் கட்டுதல்

நம் எடுத்துக்காட்டில் உரிமையாளர் கோயம்புத்தூரில் வசிப்பவர், பான் செயல்பாட்டில் இருக்கிறது. பிடித்தம் மாதாமாதம் இல்லை. நிதியாண்டின் கடைசி மாத வாடகையில், அல்லது இடையில் வீட்டைக் காலி செய்தால் அந்தக் கடைசி மாத வாடகையில், அந்த ஆண்டு முழுமைக்கும் சேர்த்து ஒரே முறை. ஜூலை முதல் மார்ச் வரை 9 மாதம், மொத்த வாடகை 5,40,000 ரூபாய், அதில் 2 சதவீதம் 10,800 ரூபாய். மார்ச் மாதம் உரிமையாளருக்குச் செல்ல வேண்டியது 49,200 ரூபாய். பான் கிடைக்காதிருந்தால் 20 சதவீதம் 1,08,000 ரூபாய் ஆகியிருக்கும். ஆனால் பிடித்தம் கடைசி மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்று சட்டமே சொல்வதால் 60,000 ரூபாயோடு நின்றிருக்கும். அப்போதும் உரிமையாளருக்கு மார்ச் மாதம் ஒரு ரூபாயும் மிஞ்சாது. பான் தரத் தயங்குபவரிடம் இந்தக் கணக்கைக் காட்டினால் பெரும்பாலும் எண் வந்துவிடும்.

இதற்கு டான் எண் தேவையில்லை. வாடகைதாரர் தன் பானைக் கொண்டு `incometax.gov.in` தளத்தில் நுழைந்து, `e-File` பகுதியில் `e-Pay Tax` என்பதைத் தேர்ந்து, அங்கே 26QC படிவத்தைத் திறக்க வேண்டும். குடியிருந்த காலம், மொத்த வாடகை, கடைசி மாத வாடகை, பிடித்த தேதி ஆகியவற்றை நிரப்பிப் பணம் கட்டலாம். மார்ச் மாதம் பிடித்ததற்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. தாமதித்தால் நாளொன்றுக்கு 200 ரூபாய் கட்டணம் ஏறும். அது வரித் தொகையான 10,800-ஐ 54 நாளில் எட்டி அதோடு நிற்கும். வட்டி தனி.

பிறகு வருமான வரித் துறையின் டிடிஎஸ் தளமான டிரேசஸில் பதிவு செய்து, வரி பிடித்ததற்கான 16C சான்றிதழைத் தரவிறக்கி, மே 15-க்குள் உரிமையாளருக்கு அனுப்ப வேண்டும். தொகை தன் 26AS-இல் ஏறியிருக்கிறதா என்று அவரையே பார்க்கச் சொன்னால், பான் எண்ணில் ஓர் எழுத்து தவறியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும். திருத்தத்தை டிரேசஸ் வழியாகக் கோரலாம். வீட்டு வாடகைப் படிச் சலுகைக்காக அலுவலகத்தில் உரிமையாளரின் பானைக் கொடுத்தது இவற்றில் எதற்கும் ஈடாகாது.

இங்கே சொன்ன பிரிவு எண்களும் படிவ எண்களும் 2025-26 நிதியாண்டுக்கு உரியவை. 2026 ஏப்ரல் 1 முதல் வருமான வரிச் சட்டம், 2025 நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகான வாடகைக்குப் பிடிக்கும்போது, தளத்தில் அப்போது காட்டப்படும் எண்களையே பின்பற்ற வேண்டும்.