புதுச் சிப்ஸ் பக்கெட்டில் என்ன விலை அச்சிடுவது? பண்டாரவளை அடுப்படிக் கணக்கு

கொச்சிக்காய் போட்ட மரவள்ளிச் சிப்ஸை நான் முதலில் கடைகளுக்குக் கொண்டுபோனபோது, 50 கிராம் பக்கெட்டில் 100 ரூபாய் என்று அச்சிட்டு மூவாயிரம் லேபல் அடித்துவிட்டேன். பக்கத்துப் பக்கெட்டுகளைவிடக் குறைவாகப் போட்டால் ஆட்கள் எடுத்துப் பார்ப்பார்கள் என்பதுதான் என் எண்ணம். எடுத்துப் பார்த்தார்கள். மூன்று மாதம் இரவு பகலாக வறுத்தும் கையில் காசு நிற்கவில்லை. அதன் பிறகு உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே படிப்படியாகத் தருகிறேன். சிப்ஸ் வறுப்பது, பதிவு எடுப்பது எல்லாம் உங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன்.

இரண்டு வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதுப் பொருளைக் கூடின விலையில் இறக்கி, அந்த விலை கொடுக்கத் தயாராக இருப்பவர்களிடம் முதலில் விற்பது ஸ்கிம்மிங். பாலின் மேல் ஆடையை மட்டும் எடுப்பது மாதிரி. குறைந்த விலையில் இறக்கி, நிறையப் பேர் கைக்குச் சீக்கிரம் போய்ச் சேர்வது ஊடுருவல் விலை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜோயல் டீன் 1950இல் இந்த இரண்டையும் எதிரெதிராக வைத்து விளக்கினார். குறைந்த விலை எப்போது சரிவரும் என்பதற்கு அவர் சொன்ன காரணங்களில் ஒன்று, நிறையச் செய்யச் செய்ய ஒரு பக்கெட்டின் செலவு நன்றாக இறங்க வேண்டும் என்பது. பெரிய கம்பனியின் இயந்திரத்தில் அது இறங்கும். இரண்டு தாச்சி வைத்து வறுக்கிற என் அடுப்படியில் இறங்காது. நான் விட்ட இடம் அதுதான்.

படி 1: அச்சிடும் விலையிலிருந்து பின்னோக்கி வாருங்கள்

செலவைக் கூட்டி அதன்மேல் இலாபம் வைத்தால் விலை வரும் என்று நினைக்காதீர்கள். பக்கெட்டில் அச்சிட்ட விலையில் தொடங்கிக் கழித்துக்கொண்டே வர வேண்டும். என் பக்கத்தில் கடை முதலாளிக்கு 20 சதவீதம், வேனில் கொண்டுபோய்ப் போடுகிறவருக்கு 8 சதவீதம். ஆகவே 100 ரூபாய் பக்கெட்டில் எனக்கு வருவது 72 ரூபாய். கிழங்கு, எண்ணெய், காஸ், கூலி, பை எல்லாம் சேர்த்து எனக்குப் பக்கெட்டுக்கு 62 ரூபாய் போகிறது. பத்து ரூபாய் மிச்சம் என்றுதான் நானும் நினைத்தேன்.

விட்டது என்னவென்றால், திரும்பி வருகிற பக்கெட். திகதி முடிந்தது, நமுத்துப் போனது, கிழிந்தது எல்லாவற்றையும் கடைக்காரர் திருப்பித் தருவார், நாம் காசைக் கழிக்க வேண்டும். நூற்றுக்கு ஐந்து திரும்பினால், 95 பக்கெட்டுக்கு 72 வீதம் 6,840 ரூபாய் வருகிறது. நூறு பக்கெட்டுக்கும் செலவு 6,200. மிச்சம் 640. அதாவது பக்கெட்டுக்குப் பத்து ரூபாய் இல்லை, 6 ரூபாய் 40 சதம். ஐந்து சதவீதத் திரும்பல், இலாபத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தின்றுவிட்டது.

மலைநாட்டில் திரும்பல் கூடுதலாகவே இருக்கும். பனி மூட்டமான நாட்களில் மெல்லிய பையில் போட்ட சிப்ஸ் சீக்கிரம் நமுத்துவிடும். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், இங்கே கீழே ஒட்டின பை அங்கே போனதும் உப்பிவிடும். ஒட்டு சரியில்லாவிட்டால் பிரிந்துவிடும். உள்ளே வெள்ளிப் பூச்சுள்ள பையும், காலால் மிதிக்கிற சீலரும் வாங்குங்கள். கையால் அழுத்துகிற சின்னச் சீலரை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். அதன் ஒட்டு மெல்லியது.

படி 2: பக்கெட்டுக்கு எவ்வளவு என்று பார்க்காதீர்கள், கிலோவுக்குப் பாருங்கள்

நான் அதிக நாள் தடுமாறிய இடம் இது. சின்ன அடுப்படியில் தட்டுப்பாடான பொருள் காசு இல்லை, தாச்சி. என்னால் ஒரு நாளைக்கு 90 பக்கெட் அளவுக்குத்தான், அதாவது நாலரைக் கிலோதான், வறுக்க முடியும். ஆகவே தாச்சியிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கிலோவும் எவ்வளவு மிச்சம் தருகிறது என்பதுதான் கேள்வி. கொப்பியில் எழுதிப் பார்ப்பதைவிட, ஃபோனில் கூகிள் ஷீட்ஸ் வைத்துக்கொள்வது எனக்குப் பிடித்தது. எண்ணெய் விலை மாறினால் ஒரு இலக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். B1 இல் அச்சிட்ட விலை, B2 இல் கடைக்காரர் பங்கு, B3 இல் வேன் பங்கு, B4 இல் திரும்பல், B5 இல் பக்கெட் செலவு, B6 இல் கிராம். பங்குகளையும் திரும்பலையும் 20% என்பது போல சதவீதக் குறியோடு போடுங்கள்.

```
=((1-B4)*B1*(1-B2-B3)-B5)*1000/B6
```

100 ரூபாய், 50 கிராம், 5 சதவீதத் திரும்பல் என்று போட்டால் கிலோவுக்கு 128 ரூபாய் வரும். அதே பக்கெட்டை 150 ரூபாய்க்கு அச்சிட்டு, விலை கூடியதால் திரும்பல் 15 சதவீதமாகும் என்று வைத்தாலும் 596 ரூபாய் வரும். நாலரை மடங்குக்கும் மேல். 150 ரூபாயில் மாதம் 600 பக்கெட் போட்டுச் சம்பாதிப்பதை 100 ரூபாயில் சம்பாதிக்க, நான் ஏறத்தாழ 2,800 பக்கெட் போட வேண்டும். மாதம் 25 நாள் அடுப்பு எரிந்தாலும் என்னால் முடிவது 2,250தான். என் இடத்தில் ஊடுருவல் விலை என்பது, முடியாத அளவுக்கு வறுக்க வேண்டிய விலை.

படி 3: கூடின விலை எந்தக் கடையில் நிற்கும் என்று பாருங்கள்

அப்படியானால் எல்லா இடத்திலும் 150 போட்டுவிடலாமா? நான் பண்டாரவளை டவுன் கடைகளில் 24 பக்கெட் வைத்துப் பார்த்தேன். 15 திரும்பி வந்தது. அதை அதே சூத்திரத்தில் போட்டால், பக்கெட்டுக்கு இருபத்தொரு ரூபாய்க்கு மேல் நட்டம். மிக்சர், முறுக்கு, கடலை, பெரிய கம்பனி சிப்ஸ் எல்லாம் ஒரே கம்பியில் தொங்குகிற கடையில் வாங்குகிறவர் முதலில் பார்ப்பது பக்கத்துப் பக்கெட்டின் விலையைத்தான். நம்முடைய ருசி அவருக்கு இன்னும் தெரியாது.

அதே பக்கெட் எல்லவில், ரயிலில் வந்திறங்கும் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் இடங்களுக்குப் பக்கத்துக் கடைகளில், நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் திரும்பவில்லை. அவர்களுக்கு ஒப்பிட வேறு மரவள்ளிச் சிப்ஸ் இல்லை, ஊர்ச் சாமான் என்ற ஆசையும் இருக்கிறது. சிற்றுண்டியில் ஸ்கிம்மிங்கில் எடுக்கிற இந்த மேல் ஆடை மெல்லியது என்பதை மட்டும் மறக்காதீர்கள். கொச்சிக்காய் போடுவது யாருக்கும் தடையில்லை; நன்றாகப் போகிறது என்று தெரிந்தால் பக்கத்து வீட்டிலும் தாச்சி ஏறும்.

படி 4: விலையைக் குறைக்காமல் பக்கெட்டைச் சின்னதாக்குங்கள்

தோட்டப் பக்கத்துக் கடை முதலாளி ஒருவர் சொன்னதுதான் எனக்கு வழி காட்டியது. "தங்கச்சி, பிள்ளைங்க அம்பது ரூவா தாளோட வருதுங்க. அதுக்கு என்னா இருக்குனுதான் கேக்குதுங்க." ஐம்பது ரூபாய் ஒற்றைத் தாள். அதற்கு நான் 20 கிராம் பக்கெட் போட்டேன். செலவு 26 ரூபாய். கடைக்காரருக்கு 10, வேனுக்கு 4, எனக்கு 36. ஐந்து சதவீதத் திரும்பலோடு கிலோவுக்கு 410 ரூபாய் மிச்சம்.

கிராமுக்குப் பார்த்தால் இது 100 ரூபாய் பக்கெட்டைவிட விலை கூடியது. பாடப்புத்தகத்தில் சொல்கிற ஊடுருவல் விலை இது இல்லை. ஆனால் புதுப் பெயரை நம்பி எடுத்துப் பார்ப்பதற்கு வாங்குகிறவர் கையிலிருந்து போகும் காசு பாதியாகிவிட்டது, அந்தக் கடைகளில் வேலை செய்வது அதுதான். ஒரு கிலோவுக்கு இருபது பை ஒட்டிய இடத்தில் ஐம்பது ஒட்ட வேண்டும் என்பதால், இங்கே சீலருக்கு ஒரு ஆள் தனியாக வேண்டும். என் 26 ரூபாயில் அந்தக் கூலியும் இருக்கிறது.

படி 5: அறிமுகச் சலுகையைப் பக்கெட்டில் அச்சிடாதீர்கள்

இலங்கையில் அச்சிட்ட விலைக்கு மேல் விற்பது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி குற்றம். லேபலில் உள்ள விலையை அழிப்பதும் மாற்றுவதும் கூட. ஆகவே முதலில் குறைவாக அச்சிட்டு, பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தால், கடையில் தொங்குகிற பழைய பக்கெட் தீரும் வரை இரண்டு விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நான் 100ஐ 130 ஆக்கியபோது ஒரு கடையில் அப்படி நின்றது. புதுசை ஒருவரும் தொடவில்லை.

சலுகையைக் கடைக்காரருக்குக் கொடுங்கள். பன்னிரண்டு எடுத்தால் ஒன்று இலவசம். 20 கிராம் பக்கெட்டில் 13இன் செலவு 338 ரூபாய், 12இன் வரவு 432. மிச்சம் 94, அதாவது பக்கெட்டுக்கு ஏழு ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் (திரும்பலைக் கழிக்க முன்). இரண்டு மாதத்தில் நிறுத்தினால் வாங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது.

படி 6: முதல் ஓர்டரை விற்பனை என்று எண்ணாதீர்கள்

முதல் முறை கொடுப்பது கம்பியை நிரப்புகிறது, அவ்வளவுதான். மூன்றாம் முறை வேன் போகும்போது கடைக்காரர் தானாகக் கேட்கிறாரா என்று பாருங்கள். தோட்டச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டி வருவதால், அந்த வாரத்து விற்பனையை வைத்து விலையை முடிவு செய்தால் ஏமாறுவீர்கள். மாதக் கடைசியில் வேறு கதை. நாலு வாரம் முழுதாகப் பாருங்கள்.

பிற்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ஒரே சிக்கலைச் சொன்னார்கள். எல்லவில் 150, டவுனில் 100 என்று ஒரே பக்கெட்டைப் போட்டதும், டவுனில் வாங்கி எல்லவில் விற்க ஒருவர் கிளம்பிவிட்டாராம். 100 என்று அச்சிட்டதை அதற்கு மேல் விற்றால், அது படி 5இல் சொன்ன குற்றம்தான். இதனால்தான் என் எல்லப் பக்கெட் நிற்கிற பை, 50 கிராம், வேறு பெயர், வேறு நிறம்; தோட்டப் பக்கத்துக்குப் போவது 20 கிராம் தலையணைப் பை மட்டும். 50 கிராமை டவுனில் இப்போது நான் போடுவதே இல்லை.

இன்னொருவர் சுப்பர்மார்க்கெட் பற்றிக் கேட்டிருந்தார். அங்கே பங்கு கூடுதலாகக் கேட்பார்கள், காசும் பிந்தித்தான் வரும். B2 இல் 30% போட்டு 50 கிராமை 150இல் பாருங்கள். திரும்பல் 15 சதவீதமாகவே இருந்தால் கிலோவுக்கு 341 ரூபாய் வரும். அது 20 கிராம் பக்கெட்டைவிடக் குறைவு, அதனால் நான் இன்னும் போகவில்லை.