ஜெர்மன் சொற்களின் பால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜெர்மன் மொழியைக் கற்கத் தொடங்கும் தமிழர் பலர், ஒரு சொல்லின் பாலை அது குறிக்கும் பொருளிலிருந்து ஊகிக்க முயல்கிறார்கள். தமிழில் திணையும் பாலும் பொருளைப் பின்பற்றுவதால் இந்தப் பழக்கம் இயல்பானதே. ஜெர்மனிலோ பெயருக்கு முன் வரும் 'டெர்', 'டீ', 'டாஸ்' என்ற சுட்டிடைச்சொல்லே பாலைக் காட்டுகிறது; கரண்டி 'டெர் லொஃபெல்' என ஆண்பாலாகவும், முள்கரண்டி 'டீ காபெல்' எனப் பெண்பாலாகவும், கத்தி 'டாஸ் மெஸர்' என இரண்டுமல்லாத நடுப்பாலாகவும் வருகின்றன. இவற்றுக்குப் பொருள் சார்ந்த காரணம் தேடுவது வீண்.

இந்தோ-ஐரோப்பிய மொழிகளின் மிகப் பழைய நிலையில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற இரு வகுப்புகளே இருந்தன என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. அவற்றுள் மிகப் பழைய எழுத்துச் சான்றுகளைக் கொண்ட ஹிட்டைட் மொழியில் அத்தகைய இருவகைப் பகுப்பையே காண்கிறோம். பெண்பால் பின்னர் தனி வகுப்பாகப் பிரிந்தது. காலப்போக்கில் பல சொற்களின் வகுப்பு பொருளை விட்டு விலகிச் சொல்லின் வடிவத்தோடு ஒட்டிக்கொண்டது. இருந்தும் பால் பகுப்பு பயனற்றுப் போகவில்லை. கரண்டி முள்கரண்டிக்கு அருகில் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்தை ஆண்பால் சுட்டுப்பெயரான 'ஏர்' என்று தொடங்கினால் கரண்டியையும், பெண்பால் சுட்டுப்பெயரான 'ஸீ' என்று தொடங்கினால் முள்கரண்டியையும் பேசுகிறோம் என்பது ஐயமின்றி விளங்கும்.

அடுத்த தவறு இன்னும் நுட்பமானது. 'முள்கரண்டியால்' என்பதற்கு 'மிட் டெர் காபெல்' என்று படிப்பவர், 'டெர்' இருப்பதால் அதை ஆண்பால் என்று குறித்துக்கொள்கிறார். அங்கே வேற்றுமையால் 'டீ' என்பதே 'டெர்' ஆகியிருக்கிறது. பன்மையிலோ மூன்று பாலுக்கும் 'டீ' வருகிறது. ஆகவே எழுவாய் வடிவில், ஒருமையில் மட்டுமே சொல்லைக் குறிக்க வேண்டும். 'ஒரு' என்று பொருள்படும் 'ஐன்' சேர்த்து மனப்பாடம் செய்வதும் உதவாது, ஏனெனில் ஆண்பாலுக்கும் நடுப்பாலுக்கும் அது ஒன்றே. சிறிய என்ற பெயரடையைச் சேர்த்து 'ஐன் கிளைனர் லொஃபெல்', 'ஐன் கிளைனெஸ் மெஸர்' என்று வாய்விட்டுச் சொன்னால், 'ஐன்' மறைத்த வேறுபாடு ஈற்றில் தெரிந்துவிடும்.

விகுதிகளை நம்பலாம், ஆனால் அவை உண்மையில் விகுதிகள்தாமா என்று பார்க்க வேண்டும். 'உங்' விகுதி பெற்ற 'ட்ஸைடுங்' (செய்தித்தாள்) பெண்பால். குதிப்பைக் குறிக்கும் 'ஷ்ப்ருங்' ஆண்பால், ஏனெனில் அதில் 'உங்' வேர்ச்சொல்லின் பகுதி. சிறுமியைக் குறிக்கும் 'மேட்ஷென்' நடுப்பாலாக இருப்பதற்கும் சிறுமைப் பொருள் தரும் 'ஷென்' விகுதியே காரணம். கூட்டுச்சொல்லில் இறுதிச் சொல்லே பாலை முடிவு செய்கிறது: வீடு 'டாஸ் ஹவுஸ்', கதவு 'டீ ட்யூர்' என்பதால் வீட்டுக்கதவு 'டீ ஹவுஸ்ட்யூர்' ஆகிறது.

மீள்பார்வையின்போது சுட்டிடைச்சொல்லை மறைத்துவிட்டு, பெயரடையோடு ஒரு வாக்கியம் அமைத்துப் பாருங்கள். ஈறு தயங்கி வரும் சொற்களை மட்டும் தனியே எடுத்து வைத்து மறுநாள் மீண்டும் சோதிப்பது போதுமானது.