புரோக்கன் விங் பட்டர்ஃபிளை: கையில் வராத கிரெடிட்

புரோக்கன் விங் பட்டர்ஃபிளை என்ற ஆப்ஷன் உத்தியில், விலை 100-இல் இருக்கும் ஒரு பங்கில் 95 ஸ்டிரைக் புட் ஒன்றை 2.40-க்கு வாங்கி, 90 புட் இரண்டை 1.50 வீதம் விற்று, 85-ஐத் தாண்டி 80 புட் ஒன்றை 0.40-க்கு வாங்கினால், கணக்குப்படி 0.20 நிகர வரவாக, அதாவது கிரெடிட்டாக, வர வேண்டும். ஆனால் ஆர்டர்கள் முடிந்தபின் கிரெடிட் வரவேயில்லை. விலை ஏறினாலும் சிறு நஷ்டம் என்றே வரைபடம் காட்டியது.

எக்ஸ்பைரியை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. நடு ஸ்டிரைக்கை நகர்த்தியதில் ஆபத்து எல்லைதான் மாறியது. காரணம் வேறிடத்தில் இருந்தது. மேலே உள்ளவை வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவில் உள்ள மதிப்புகள். ஒவ்வொன்றிலும் 0.05 விட்டுக்கொடுத்தால், நடு ஸ்டிரைக் இரண்டு என்பதால், நான்கு ஒப்பந்தங்களுக்கும் சேர்த்து 0.20 முழுவதும் கரைந்துவிடுகிறது. தரகுக் கட்டணம் அதற்குமேல்.

தனித்தனியாக அனுப்புவதை விட்டு, மூன்று ஸ்டிரைக்குகளையும் ஒரே லிமிட் ஆர்டராக, நிகர கிரெடிட் 0.20 என்று வைத்துக் காத்திருந்தேன். அதே விலையில் முடிந்ததில் பெரும் நிம்மதி. கட்டணம் கிரெடிட்டைவிடக் குறைவாக இருக்கும்வரை, எக்ஸ்பைரியில் 95-க்கு மேல் நஷ்டமில்லை. கட்டணத்தைச் சேர்க்காமல் பார்த்தால், 90-இல் அதிகபட்ச லாபம் 5.20. நஷ்டம் 84.80-க்குக் கீழே மட்டுமே தொடங்கி, 80-இலும் அதற்குக் கீழும் 4.80-இல் நின்றுவிடுகிறது.